நாலாம் நாள் வரச் சொன்ன குயில்

புதுச்சேரியில் தமிழ் கற்பிக்கிற எவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது 'குயில் பாட்டு' நடத்தியாக வேண்டும். பாரதி இந்த ஊரில் இருந்த 1908 முதல் 1918 வரையிலான ஆண்டுகளில் எழுதியது. கவிதையில் வரும் தோப்பு முத்தியால்பேட்டைப் பக்கம் இருந்தது என்று ஊரில் சொல்வார்கள். மாணவிகளுக்குத் தெரிந்த இடம் என்பதால் பாடம் எளிதாக நகரும். கடைசியில் வேதாந்தமாகப் பொருள் சொல்ல இடமிருக்கிறதா என்று கவிஞரே கேட்டு முடிக்கிறார். நாங்கள் ஆசிரியர்கள் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஜீவாத்மா, பரமாத்மா என்று பலகையில் எழுதி மணியடிக்கும்வரை ஓட்டிவிடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் வகுப்பு முடிந்து கிளம்பும்போது, கடைசி வரிசைப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். "மேடம், அந்தக் குயிலு நாலாம் நாள்தான வரச் சொல்லுது. இவரு ஏன் மேடம் மறுநாளே போறாரு?" என்றாள். நான் வழக்கம்போல, "காதல் மா, பொறுக்க முடியல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "நாலாம் நாள் வருவேன்னு உறுதியாத் தெரிஞ்சா பொறுத்துக்கலாம் மேடம். வருமா வராதான்னு தெரியலன்னாதான் தினம் போகத் தோணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு அந்தக் கவிதையில் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது. படித்துத் தெரிந்துகொண்டதல்ல அது என்பது இரண்டு ஆண்டு கழித்து அவள் என்னைத் தேடி வந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

*

கதையை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். முதல் நாள் தோப்பில் குயில் பாடுகிறது. கேட்டவன் மயங்குகிறான். குயில் தன் காதலைச் சொல்கிறது, நாலாம் நாள் வா என்கிறது, பறந்துவிடுகிறது. மறுநாளே கால் அவனை அங்கே இழுத்துப் போகிறது. அங்கே அதே குயில் ஒரு குரங்கிடம் காதல் பேசிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு வெறி வருகிறது, வாளை எடுக்கிறான். அடுத்த முறை போனால் ஒரு கிழட்டு மாட்டிடம் பேசிக்கொண்டிருக்கிறது. மறுபடி வெறி. ஆனால் இரண்டு முறையும், கோபத்துக்கு நடுவிலேயே, அந்தப் பாட்டு அவனை உருக்குகிறது. அவமானப்பட்டவன் விலகவில்லை; நாலாம் நாளும் போகிறான்.

நாலாம் நாள் குயில் தன் பூர்வ ஜன்மக் கதையைச் சொல்கிறது. முற்பிறவியில் அது வேடர் தலைவனின் மகள். அவன் சேர இளவரசன். அவளை விரும்பிய மாடனும் குரங்கனும் பேயாகித் திரிந்து, அவனைக் குழப்ப மாயம் காட்டியிருக்கிறார்கள். அதாவது, நீ கண்ணால் பார்த்தது எதுவும் நிஜமில்லை. அவன் நம்புகிறான், முத்தமிடுகிறான். குயில் பெண்ணாகிறது, மறைகிறது. விழித்துப் பார்த்தால் தன் வீட்டில், பழைய பாயும் சுவடியும் பத்திரிகையுமாகக் கிடக்கிற அறையில் இருக்கிறான்.

வேதாந்தத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு இந்த நாலு நாளை மட்டும் பாருங்கள். ஒரு நாள் அமுதம், இரண்டு நாள் அவமானம், பிறகு ஒரு விளக்கம், மறுபடி அமுதம். முதல் நாளைவிட நாலாம் நாள் அவன் காதல் பல மடங்கு பெருகியிருக்கிறது. குயில் தினமும் ஒழுங்காக வந்து பாடியிருந்தால் இந்தக் கவிதையே இல்லை. அந்தப் பெருக்கம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. இனிய நாள்களிலிருந்து அது வரவில்லை. இடையில் இருந்த இரண்டு நாளிலிருந்து வந்தது.

*

அந்த மாணவி என்னைத் தேடி வந்தபோது அவளுக்கு வயது இருபத்து மூன்று. ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காந்தி சிலைக்குப் பின்னால் கடல் பார்த்து உட்கார்ந்தோம். இரண்டு வருடமாக ஒருவனோடு பழக்கம். "என்ன மாதிரி யாரும் நேசிக்கப்பட்டிருக்க மாட்டாங்க மேடம்" என்று தொடங்கியவள், பத்து நிமிடத்தில் அழுதாள். அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை, பணம் கேட்கவில்லை. ஒரு நாள் வேலை முடியும் நேரம் சொல்லாமல் வந்து வாசலில் நிற்பான். இரவு இரண்டு மணிவரை பேசுவான். நீ இல்லாவிட்டால் நான் இல்லை என்பான். மறுநாள் பேசமாட்டான். செய்தியைப் படித்ததற்கு நீலக்குறி விழும், பதில் வராது. காரணம் கேட்டால், "ஒண்ணுமில்லயே, நீதான் எல்லாத்தயும் பெருசாக்குற" என்பான்.

நான் அவளுக்கு அறிவுரை சொல்லவில்லை. ஒரே ஒரு வேலை கொடுத்தேன். ஒரு கோடு போட்ட நோட்டில் தினமும் தேதி போட்டு, அன்றைக்கு நடந்ததை மட்டும் எழுதச் சொன்னேன். மனதில் பட்டதை எழுத வேண்டாம். அவன் பேசினானா, எவ்வளவு நேரம், அதற்கு முந்தைய நாள் இவள் என்ன செய்தாள், அவ்வளவுதான். அறுபது நாள் எழுதினாள். அந்த நோட்டைப் பற்றி எழுத அவள் அனுமதி தந்திருக்கிறாள்; ஆளை அடையாளம் காட்டும் எதையும் நான் எழுதவில்லை.

அறுபது நாளில் பதினொரு நாள் அவன் அன்பாக இருந்தான். பதினெட்டு நாள் 'ம்', 'சரி', 'பிஸி' என்று ஒற்றைச் சொல். முப்பத்தொரு நாள் எதுவுமே இல்லை. அன்பான நாள்களுக்கு இடைவெளி ஒரே மாதிரி இல்லை: ஒரு முறை இரண்டு நாள், ஒரு முறை ஒன்பது, பிறகு ஒரு நாள், பிறகு பதிமூன்று. "பதினொண்ணுதானா மேடம்?" என்று திரும்பத் திரும்ப எண்ணினாள். அவள் நினைவில் பாதிக்குமேல் நல்ல நாள்களாக இருந்திருக்கின்றன. வெறும் நாள்கள் நினைவில் நிற்பதில்லை. பதினொரு நாள் மட்டும் பளிச்சென்று நின்று இரண்டு வருடத்தையும் நிரப்பியிருந்தது.

*

இதை அவளுடைய பேதைமை என்று சொல்கிறவர்களுக்காகப் புறாக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர்கள் சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரும் பி.எஃப். ஸ்கின்னரும் 1957-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். பெட்டிக்குள் புறா, சுவரில் ஒரு பொத்தான், கொத்தினால் தானியம் விழும். ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் கிடைத்துப் பழகிய புறா, தானியத்தை நிறுத்தினால் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். சில நேரம் மூன்று கொத்துக்கு, சில நேரம் ஐம்பது கொத்துக்கு என்று கணக்கில்லாமல் கிடைத்துப் பழகிய புறாவோ, நிறுத்திய பிறகும் ஆயிரக்கணக்கான முறை கொத்திக்கொண்டே இருக்கும்.

ஏன் என்பதுதான் முக்கியம். இரண்டாவது புறாவுக்குத் தானியம் பிடித்தது அதிகம் என்பதால் அல்ல. தானியம் நின்றுபோனது என்று தெரிந்துகொள்ள அதற்கு வழி இல்லை என்பதால். தினமும் கிடைத்த புறாவுக்கு ஒரு நாள் கிடைக்காவிட்டால் அது செய்தி. கிடைக்காத நாளும் வழக்கத்தின் ஒரு பகுதியாகவே இருந்த புறாவுக்கு, கிடைக்காதது எந்தச் செய்தியும் இல்லை. பதிமூன்று நாள் மௌனத்துக்குப் பிறகு ஒரு முறை அன்பு வந்திருக்கிறது என்றால், இப்போதைய பன்னிரண்டாம் நாள் முடிவின் அடையாளம் ஆகாது. நாளை வரக்கூடும் என்பதன் அடையாளமாகத்தான் ஆகும். பரிசுச் சீட்டு பைத்தியமும் இப்படித்தான் வேலை செய்தது. 2003-இல் தமிழ்நாட்டில் அரசே தலையிட்டுத் தடை செய்யும் அளவுக்கு. சீட்டு வாங்கி அழிந்த ஆண்களை நாம் பாவம் என்றோம். காத்திருந்து தேய்கிற பெண்ணை மட்டும் அறிவில்லாதவள் என்கிறோம்.

ஸ்கின்னர் 1948-இல் இன்னொன்றும் எழுதினார். இந்த முறை பொத்தான் இல்லை. புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் தானியம் தன் பாட்டுக்கு விழும். எட்டுப் புறாக்களில் ஆறு, தானியம் விழும்போது தற்செயலாகச் செய்துகொண்டிருந்த அசைவைப் பிடித்துக்கொண்டன. ஒன்று பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று ஒரு மூலையில் தலையை நீட்டி நீட்டி எடுத்தது. தாங்கள் சுற்றுவதால்தான் தானியம் விழுகிறது என்பதுபோல.

என் மாணவியின் நோட்டில் ஓரங்களில் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு அந்தப் புறாக்கள்தான் நினைவுக்கு வந்தன. 'பச்சை சுடிதார் போட்டேன், வந்தான்.' 'நான் முதல்ல மெசேஜ் பண்ணல, வந்தான்.' 'ரெண்டு தடவ போன் பண்ணேன், அதான் வரல.' தோழிகளோடு சினிமாவுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள், அன்றைக்கு அவன் கோபமாக இருந்ததால். சத்தமாகச் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அவனுடைய வானிலைக்குத் தன் உடம்பில் காரணம் தேடிக்கொண்டிருந்தாள். கணிக்க முடியாத அன்பு காக்க மட்டும் வைப்பதில்லை. காரணம் நான்தான் என்றும் நம்ப வைக்கிறது. ஒவ்வொரு காரணத்துக்கும் தன்னிடமிருந்து ஒரு துண்டை வெட்டிப் போடவைக்கிறது.

*

சரி, சிக்கிக்கொள்வது புரிகிறது. ஆனால் அது ஏன் காதலைப் போல, அதுவும் மற்றெல்லாக் காதலையும்விடப் பெரிய காதலைப் போலத் தோன்ற வேண்டும்?

முதல் காரணம், மனம் எதில் ஓயாமல் சுற்றுகிறதோ அதை ஆழம் என்று எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 47 மாணவிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. சில ஆண் மாணவர்கள் உங்கள் பக்கத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னார்கள். ஒரு பிரிவுக்கு, இவர்களுக்கு உங்களை மிகவும் பிடித்திருக்கிறது என்றார்கள். இன்னொரு பிரிவுக்கு, சுமாராகப் பிடித்திருக்கிறது என்றார்கள். மூன்றாம் பிரிவுக்கு, மிகவும் பிடித்ததா சுமாராகப் பிடித்ததா என்று சொல்ல முடியாது என்றார்கள். அந்த ஆண்கள்மீது அதிக ஈர்ப்பு கொண்டவர்கள் மூன்றாம் பிரிவினர். அவர்களே அந்த ஆண்களைப் பற்றி அதிகம் நினைத்ததாகவும் சொன்னார்கள். முகமறியாத ஆள்களை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். இரண்டு வருட உறவை இதைக் கொண்டு அளந்துவிட முடியாது. ஆனால் ஒன்றை அது காட்டுகிறது. தெரியாமை நினைக்க வைக்கிறது. நினைப்பது விருப்பமாகத் தோன்றுகிறது. கண்ணில் விழுந்த தூசியைப் பற்றியும் நாள் முழுக்க நினைக்கிறோம். அதற்காகத் தூசியைக் காதலிக்கிறோம் என்று சொல்வதில்லை.

இரண்டாவது காரணம், நிம்மதியை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்கிறோம். பதிமூன்று நாள் நெஞ்சில் பாறாங்கல்லோடு திரிந்தவளுக்குப் பதினாலாம் நாள் இரவு 'சாப்டியா?' என்று ஒரு சொல் வருகிறது. கல் இறங்குகிறது. உடம்பு முழுக்க ஏதோ பாய்கிறது. இவ்வளவு இன்பத்தை ஒரே சொல்லால் தரக்கூடியவன் எவ்வளவு பெரிய காதலனாக இருக்க வேண்டும்! கல்லை ஏற்றி வைத்ததும் அவனே என்பது அந்த நொடியில் நினைவில் இருக்காது. தினமும் 'சாப்டியா?' என்று கேட்கிற அம்மாவிடம், அதே சொல்லுக்கு, 'உம்' என்றுகூடச் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்கிறோம். ஒழுங்காக வரும் அன்பில் கல் இல்லை. எனவே கல் இறங்கும் சுகமும் இல்லை. அதை 'போர் அடிக்குது' என்று சொல்லப் பழகியிருக்கிறோம். நல்லவன் ஒருவனை, 'அவன்கிட்ட ஒண்ணும் தோணல மேடம்' என்று விலக்குகிற எத்தனை பெண்களைப் பார்த்திருக்கிறேன். தோன்றாதது காதல் அல்ல, பயம்.

*

இதுவரை சொன்னது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. குயில் பாட்டில் சிக்குகிறவனே ஓர் ஆண்தானே. அப்படியானால் இதைப் பெண்ணியக் கட்டுரைத் தொகுப்பில் ஏன் எழுத வேண்டும்?

ஏனென்றால் அவன் கையில் வாள் இருக்கிறது. அலைக்கழிக்கப்பட்ட ஆணுக்குக் கோபப்படத் தெரியும், கோபப்பட உரிமை உண்டு, அந்தக் கோபத்தைக் கவிதையாகவும் திரைப்படமாகவும் ஆக்கிக் கைதட்டு வாங்கவும் வழி உண்டு. தன்னை அலைக்கழித்ததாகச் சொல்லிப் பெண்ணைப் பழிக்கும் பாட்டுகளுக்குத் தமிழ்த் திரையில் பஞ்சமே இல்லை. அலைக்கழிக்கப்பட்ட பெண்ணுக்கு நாம் சொல்வது ஒன்றுதான்: பொறு, மாறுவான்.

டொனால்ட் டட்டன், சூசன் பெயின்டர் என்ற இருவர் கனடாவில் செய்த ஆய்வு 1993-இல் வெளிவந்தது. துன்புறுத்திய துணையை விட்டு அண்மையில் வெளியேறிய 75 பெண்களிடம் பேசினார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பேசினார்கள். பிரிந்த பிறகும் அந்த ஆள்மீது பெண்களுக்குப் பற்று எவ்வளவு எஞ்சியிருக்கிறது, எதனால் என்பதே கேள்வி. பற்றை இறுக்கியவற்றுள் இரண்டு பளிச்சென்று தெரிந்தன. ஒன்று, கொடுமையும் கொஞ்சலும் மாறி மாறி வந்த விதம். மற்றொன்று, இருவருக்கும் இடையே இருந்த அதிகார ஏற்றத்தாழ்வு.

இந்த இரண்டாவதை உளவியல் அறிவுரைக்காரர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள். என் மாணவியின் கதையில் அதைப் பார்ப்போம். அவனிடம் பைக் இருக்கிறது; அவள் விடுதிக் கதவு இரவு எட்டரைக்குப் பூட்டப்படும். அவன் பேசாமல் இருக்கும் முப்பத்தொரு நாளும் அவனுக்கு நண்பர்கள், டீக்கடை, கடற்கரை, கிரிக்கெட் என்று வேறு உலகம் இருக்கிறது. அவளுடைய தோழிகளை அவன் கோபத்துக்குப் பயந்து அவளே விட்டுவிட்டாள். வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வேறு சாதிக்காரன் என்பதால் இவனைப் பற்றி வீட்டில் மூச்சுவிட முடியாது. இந்த உறவு உடைந்தால் அவளுக்குப் போக்கிடம் அவளுக்குப் பிடிக்காத ஒரு கல்யாணம். அவனுக்கு மௌனம் செலவில்லாத பொருள். அவளுக்கு ஒவ்வொரு மௌன நாளும் தன் எதிர்காலம் முழுவதும் ஆட்டம் காணும் நாள்.

பெட்டி என்று நான் சொன்னது இதைத்தான். புறா ஏன் கொத்துகிறது என்று கேட்கிறவர்கள், புறா பசியோடு வைக்கப்பட்டிருந்தது, அந்தப் பெட்டிக்குள் வேறு உணவு இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேறு எங்கும் பாராட்டோ தொடுகையோ தனியே நடக்க ஒரு தெருவோ கிடைக்காதபடி பெண்ணை வளர்த்துவிட்டு, ஒருவன் விட்டெறியும் தானியத்துக்கு அவள் ஏன் இப்படி அலைகிறாள் என்று கேட்பது அயோக்கியத்தனம்.

*

தமிழ் படித்தவர்கள் இந்த இடத்தில் என்னை மறிப்பார்கள். "இது ஊடல் அம்மா, நம் மரபில் உள்ளதுதானே" என்பார்கள். திருக்குறளே ஊடலில்தான் முடிகிறது. காமத்துப்பாலின் கடைசி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. பிணங்குவதில்தான் இன்பம் என்று வள்ளுவரே சொல்லிவிட்டார், நீ யார் கேட்க?

நான் யார் என்றால், அந்த மூன்று அதிகாரத்தையும் இருபது ஆண்டுகளாக நடத்துகிறவள். ஊடலுக்கு வள்ளுவர் தரும் உவமை உப்பு. அளவோடு இருக்க வேண்டும், கொஞ்சம் நீண்டாலும் கெட்டுவிடும் என்பதற்காகத்தான் உப்பைச் சொல்கிறார். ஊடலில் காரணம் இருவருக்கும் தெரியும். அற்பக் காரணமாக இருந்தாலும் அது சொல்லப்படுகிறது. தும்மினால் யார் நினைத்ததால் தும்மினாய் என்று கேட்கிறாள். அவன் கெஞ்சுகிறான், அவள் தணிகிறாள் அல்லது தணியவில்லை. ஊடல் ஒரு பேச்சு. என் மாணவிக்குக் கிடைத்தது பேச்சு இல்லை, பாராமுகம். காரணமும் இல்லை, முடிவுநாளும் இல்லை, கேட்டால் ஒன்றுமில்லை என்ற மறுப்பு. இதற்கு ஊடல் என்று பெயர் வைப்பது உப்பளத்தில் ஒருத்தியைத் தள்ளிவிட்டு, சுவையாக இருக்கிறதா என்று கேட்பதுபோல.

இன்னொன்றும் உண்டு. மருதத்தில் ஊடுகிறவள் தலைவி. பரத்தை வீட்டுக்குப் போய்த் திரும்பும் தலைவன் வாசலில் நிற்கிறான், பாணனைத் தூதுவிடுகிறான், தோழி 'வாயில் மறுக்கிறாள்'. உள்ளே விடமாட்டோம் என்று சொல்வதற்கென்றே நம் இலக்கணத்தில் ஒரு துறை இருக்கிறது. மருதம் ஒன்றும் பெண்களின் சொர்க்கம் இல்லை. கடைசியில் பெரும்பாலும் அவன் உள்ளே வந்துவிடுகிறான், புலவர்கள் அவளுக்குக் கதவைத்தான் கொடுத்தார்கள், வீட்டைக் கொடுக்கவில்லை. ஆனால் கதவு அவள் பக்கம் இருந்தது. விட்டு விட்டு வரும் அன்பு செய்கிற மோசமான வேலை, கதவை மறுபக்கம் திருப்பி வைப்பதுதான். முப்பத்தொரு நாள் பாராமுகம் காட்டியவன்மீது அவள் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபப்பட அவளுக்கு நேரமில்லை. வந்துவிட்டானே என்ற நிம்மதியில், வந்ததைக் கெடுத்துவிடக் கூடாதே என்ற பயத்தில், கேள்வியையே விழுங்கிவிடுகிறாள். ஊடலை அவளிடமிருந்து பறித்தவனுக்கு ஊடல் என்ற சொல்லையே கவசமாகக் கொடுப்பது நம் புலமைக்கு அழகில்லை.

*

நாலாம் நாள் குயில் சொல்லும் கதைக்கு வருகிறேன். என் மாணவியும் அதைக் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு நீண்ட மௌனத்துக்குப் பிறகும் ஒரு பூர்வ ஜன்மக் கதை வரும். அப்பா குடிகாரர், சின்ன வயதில் அடித்தார். முன்னால் ஒருத்தி ஏமாற்றிவிட்டாள், அதனால் நெருங்கப் பயமாக இருக்கிறது. கதைகள் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவனே திட்டமிட்டுச் செய்கிறான் என்று நான் சொல்லவும் இல்லை. தானியப் பெட்டி கெட்ட எண்ணத்தோடு செய்யப்பட்டதா, பழுதானதா என்பதால் புறாவின் நிலைமை மாறாது. மாடனும் குரங்கனும் பேயாக வந்து மாயம் காட்டினார்கள் என்ற விளக்கத்துக்குப் பிறகு அவன் எதையும் கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள். கதை கேள்வியை முடித்துவைக்கிறது. நடத்தையை மாற்றுவதில்லை.

உண்மையிலேயே மனச்சோர்வில் இருப்பவர்கள் உண்டு. இரவுப் பணி, கடன், வீட்டில் நோயாளி என்று பேச முடியாமல் போகிறவர்கள் உண்டு. எப்படிப் பிரித்தறிவது? அங்கேதான் நோட்டு உதவியது. மனச்சோர்வில் இருப்பவர் எல்லோரிடமும் ஒடுங்கிப் போகிறார். உன்னிடம் மட்டும் அல்ல. நேரம் கிடைக்கும்போது, இந்த வாரம் என்னால் முடியவில்லை என்று சொல்கிறார். நீ பெருசாக்குகிறாய் என்பதில்லை. மேலும், அவருடைய நல்ல நாளுக்கும் உன் விலகலுக்கும் தொடர்பு இருக்காது. என் மாணவி நோட்டின் இரண்டு பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பதினொரு நல்ல நாளில் ஏழு, அவள் விலகத் தொடங்கிய மறுநாள் வந்திருந்தன: போதும் என்று எழுதிய மறுநாள், இரண்டு நாள் போன் எடுக்காத மறுநாள், அலுவலக நண்பர்களோடு எடுத்த படத்தைப் போட்ட மறுநாள். அவளுக்கு மழைபோல வந்த அன்பு, அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் கயிறு தளரும்போது இழுத்துக் கட்டும் வேலை. பச்சைச் சுடிதாருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

*

விலகுவது பற்றி ஒன்று மட்டும். நம் வீட்டுப் பெண்கள் நல்லெண்ணத்தில் தருகிற அறிவுரை, "கொஞ்சம் விட்டுப் பிடி, நீயும் பேசாம இரு, தானா வருவான்." இது அவனைப் போலவே அவளையும் பெட்டியாக்குகிற அறிவுரை. அவன் வருவான்தான், அந்த வரவே அடுத்த முப்பது நாள் காத்திருப்புக்கு முன்பணம். இருபது நாள் பதில் சொல்லாமல் இருந்து இருபத்தோராம் நாள் இரக்கப்பட்டு ஒரு முறை பேசினால், எல்லாம் முதலிலிருந்து தொடங்குவதோடு, இருபது முறை அழைத்தால் கிடைக்கும் என்று அவனுக்கும், இருபது நாள் தாங்கினால் கிடைக்கும் என்று அவளுக்கும் புதிய பாடம் பதிகிறது. தானியம் நின்ற தொடக்கத்தில் புறா முன்னைவிட வேகமாகக் கொத்தும். விலகிய பெண்ணுக்கும் தொடக்க நாள்கள் அப்படித்தான். ஏக்கம் குறையாது, பொங்கும். அதைப் பார்த்து, 'இவ்வளவு வலிக்கிறதே, அப்படியானால் இதுதான் உண்மைக் காதல்' என்று திரும்பிவிடுகிறாள். வலி காதலின் அளவு இல்லை. பழக்கத்தின் அளவு.

(அடி, மிரட்டல், படங்களை வெளியிடுவேன் என்ற பயமுறுத்தல் இருந்தால் இந்தப் பேச்சே வேறு. அங்கே தனியாக, சொல்லிவிட்டு விலகக் கூடாது. நம்பகமான ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 181 பெண்கள் உதவி எண்ணை அழைத்து, பிறகுதான் கதவை மூட வேண்டும்.)

அவள் இரண்டு முறை திரும்பிப் போனாள். மூன்றாம் முறை போகவில்லை. நான் அவளைக் காப்பாற்றவில்லை. பிரித்து வைத்த தோழிகளில் இருவர் எந்தக் கேள்வியும் கேட்காமல் திரும்ப வந்தார்கள், அதுதான் நடந்தது. பெட்டிக்குள் வேறு உணவு வந்தது. மாலையில் மூவரும் கடற்கரையில் நடப்பார்கள். எப்படி இருக்கிறாய் என்று சில மாதம் கழித்துக் கேட்டேன். "போர் அடிக்குது மேடம்" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கிழம மத்தியானம் தூங்குனேன் மேடம், போன தலமாட்டுல வெக்காம" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வியப்பு இருந்தது.

இப்போதெல்லாம் குயில் பாட்டு நடத்தும்போது வேதாந்தக் கேள்வியைத் தேர்வுக்கு விட்டுவிடுகிறேன். வகுப்பில் வேறொன்று கேட்கிறேன். இந்தக் குயில் தினமும் வந்திருந்தால் இவன் இப்படிக் காதலித்திருப்பானா? வகுப்பு அமைதியாகும். கடைசி வரிசையில் யாராவது ஒருத்தி தலையைக் குனிந்துகொள்வாள். மணி அடித்த பிறகும் நான் உடனே கிளம்புவதில்லை.